தப்பு நம்முடையது என்று தெரிந்த பிறகு எழுதும் முதல் மெயில்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள்ளும் பொன்னேரியைச் சுற்றியும் இருக்கும் சிறு மெஷினிங் பட்டறைகளில் பலவற்றுக்கு வாடிக்கையாளர் ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ இருக்கிறார். வண்டி மீஞ்சூர் – வண்டலூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்துப் போனாலும் போய்ச் சேர இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகிவிடும். போன சரக்கில் குறை இருந்தால் அங்கிருந்து முதலில் வருவது வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும், "பின் ஏறலை, லைன் நிக்குது" என்ற ஒரு வரியும்தான். அதற்கு நாம் எழுத்தில் அனுப்பும் முதல் பதிலை எப்படி அமைப்பது என்பதைப் பார்ப்போம்.

பெரும்பாலும் போகிற பதில் இப்படி இருக்கும்: "தவறுக்கு வருந்துகிறோம். உடனடி நடவடிக்கை எடுத்து வருகிறோம். இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் இதைப் படிப்பவர் சப்ளையர் குவாலிட்டி பார்க்கும் ஒரு என்ஜினியர். இன்னும் பத்து நிமிடத்தில் அவருடைய பிளான்ட் மேனேஜர் அவரைக் கேட்கப் போகிறார்: ராத்திரி ஷிஃப்டுக்கு நல்ல பீஸ் இருக்கிறதா, கையில் இருப்பதில் எது கெட்டது, ஏற்கனவே மாட்டியதை என்ன செய்வது? நம் மூன்று வரியை வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றுக்குக்கூட அவரால் பதில் சொல்ல முடியாது. அவர் அப்படியே மேலே அனுப்பக்கூடிய விதத்தில் நம் மெயில் இருக்க வேண்டும். அதன் நீளம், வரிசை, சொற்கள் எல்லாம் இந்த ஒரு தேவையிலிருந்து வருபவை.

பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு வகைத் தப்பை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.

பொருள் ஒரு ஸ்டீல் புஷ். டிராயிங்கில் அதன் துளை 20 மில்லிமீட்டர், எச்7. அதாவது துளை 20.000-லிருந்து 20.021 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை 2,400 புஷ் போகிறது. வியாழன் மதியம் இரண்டரை மணிக்கு, சில புஷ்களில் பின் ஏறவில்லை என்று தகவல் வருகிறது. அதற்குள் அவர்கள் 550 புஷ்ஷை மாட்டியிருக்கிறார்கள். மீதி 1,850 அவர்களுடைய ஸ்டோரில் இருக்கிறது.

பட்டறையில் இந்தத் துளையைப் பிளக் கேஜ் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு இரண்டு முனை. 'கோ' முனை துளையின் குறைந்தபட்ச அளவுக்குச் செய்யப்பட்டது, அது உள்ளே போக வேண்டும். 'நோ கோ' முனை அதிகபட்ச அளவுக்கானது, அது போகக் கூடாது. ஒவ்வொரு நல்ல பீஸிலும் உள்ளே போய் வருவது கோ முனை என்பதால் அதுதான் அதிகம் தேயும். தேய்ந்த கோ முனை 20.000-க்குக் கொஞ்சம் கீழே வந்துவிட்டால், அளவு குறைந்த துளையிலும் போய்விடும். பார்ப்பவர் பாஸ் போட்டுவிடுவார். மறுபக்கம் துளை போடும் ரீமரும் தேயத் தேயத் துளையைச் சிறிதாகவே போடும். இரண்டும் ஒரே நேரத்தில் தேய்ந்திருந்தால் 19.995 அளவுள்ள புஷ் இன்ஸ்பெக்‌ஷனைத் தாண்டி வண்டி ஏறிவிடும். வாடிக்கையாளரின் பின் 20.000-க்கு மிக அருகில் இருக்கும்போது அந்தப் புஷ்ஷில் ஏறாது.

மெயில் எழுத உட்காரும் முன் அரை மணி நேர வேலை இருக்கிறது. போட்டோவை மட்டும் பார்த்துத் தப்பை ஒப்புக்கொள்வதும் கூடாது, மறுப்பதும் கூடாது. காலிபிரேஷன் தேதிக்குள் உள்ள இன்னொரு கேஜை எடுத்து, அதே லாட்டில் பட்டறையில் மீந்திருக்கும் பீஸ்களில் நூறைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதில் புது கேஜ் போகவில்லை, பழைய கேஜ் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது மூன்று விஷயம் கையில் இருக்கிறது. தப்பு நம்முடையது, பழைய கேஜ் தேய்ந்தது, சுமார் ஐந்தில் ஒரு பீஸ் கெட்டது. துளை சிறிதாக இருப்பதில் ஒரு நல்லதும் உண்டு: ஹோனிங் போட்டுச் சில மைக்ரான் எடுத்தால் அளவுக்கு வந்துவிடும். துளை பெரிதாகியிருந்தால் அது ஸ்கிராப்தான், புதிதாகச் செய்துதான் கொடுக்க வேண்டும். சரிசெய்ய ஆகும் நாட்கள் இதைப் பொறுத்தே மாறும்.

அடுத்தது சந்தேகத்தின் எல்லை. பட்டறைக்காரர்கள் எழுதத் தயங்குவதும், எழுதாமல் விட்டால் பின்னால் பெரிதாக வெடிப்பதும் இதுதான். புகார் வந்தது செவ்வாய்க்கிழமை லாட்டைப் பற்றி மட்டும். ஆனால் தேய்ந்த கேஜ் அந்த லாட்டுக்கு மட்டும் பயன்படவில்லை. மூன்று வாரம் முன்பு போன 2,400-ம் அதே கேஜில் பார்த்தவைதான், அவை முழுவதும் மாட்டியாகிவிட்டன. வாடிக்கையாளர் அதைப் பற்றிக் கேட்கவில்லை, நாமாக ஏன் சொல்ல வேண்டும் என்று தோன்றும். சொல்லத்தான் வேண்டும். கேஜ் தேய்ந்தது என்று படித்ததுமே அந்த என்ஜினியரின் அடுத்த கேள்வி, எப்போதிலிருந்து என்பதுதான். அவராகக் கேட்டு நாம் ஒப்புக்கொண்டால், நாம் சொன்ன மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார். மறுநாளிலிருந்து நம்முடைய எல்லா லாட்டும் அங்கே நூறு சதவீதச் சோதனைக்குப் போகும், அந்தச் செலவு நம் பில்லில் கழியும்.

அதே நேரம், தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லவும் கூடாது. பழைய லாட்டில் பின் ஏறியிருக்கிறது என்பதால் அவை சரியாகத்தான் இருக்கும் என்று நாம் எழுத முடியாது. பின்னைக் கையால் தள்ளினார்களா, தட்டி ஏற்றினார்களா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். தட்டி ஏற்றியிருந்தால் இறுக்கமான புஷ்ஷும் உள்ளே போயிருக்கும். ஆகவே எதைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடம் விட வேண்டும்.

பிறகு நேரக் கணக்கு. "கூடிய சீக்கிரம்" என்று எழுதுவது, கணக்கே போடவில்லை என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம். கணக்கு கடினமானதும் அல்ல. பிளக் கேஜ் போட்டு ஒரு புஷ் பார்க்கப் பத்து வினாடி. பட்டறை ஸ்டாக்கில் ஐந்நூறு பீஸை இரண்டு பேர் பார்க்க முக்கால் மணி நேரம், அதில் நானூறு நல்லது தேறும். அந்த லைனுக்கு மணிக்கு அறுபது புஷ் வேண்டுமானால் நானூறு ஆறரை மணி நேரத்துக்குத் தாங்கும். நாலரை மணிக்குக் காரில் எடுத்துக்கொண்டு கிளம்பினால் எட்டு மணிக்குள் ஒரகடத்தில் இருக்கலாம். அங்கே இருக்கும் 1,850-ஐ அதே இரண்டு பேர் தரம் பிரிக்க, பிரித்து அடுக்கும் நேரமும் சேர்த்து, நள்ளிரவு ஆகும். சுமார் 370 கெட்டதாக வரும். அதைத் திருப்பிக் கொண்டுவந்து, ஒரு பீஸுக்கு இரண்டு நிமிடம் என்று ஒரே ஹோனிங் மெஷினில் போட்டால் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வெள்ளி காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தால் இரவு எட்டரைக்கு முடியும். சனிக்கிழமை காலை பதினொன்றுக்கே கொடுத்துவிடலாம். மெயிலில் மதியம் இரண்டு மணி என்று எழுத வேண்டும். மின்தடை, டோல்கேட் நெரிசல், ஹோனிங் கல் மாற்றுவது என எதற்கும் அந்த மூன்று மணி நேரம் இடம் கொடுக்கும். முதல் வாக்கையே தப்பவிட்டவர் இரண்டாவது வாக்கையும் தப்பவிடுவதைவிட மோசமானது இந்தத் தொழிலில் இல்லை.

இந்தக் கணக்கில் ஒரு நேரத்துக்குப் பதில் இரண்டு நேரம் வந்திருப்பதைக் கவனியுங்கள். லைன் எப்போது ஓடும் என்பது ஒன்று. எல்லாப் பீஸும் எப்போது சரியாகும் என்பது இன்னொன்று. வாடிக்கையாளருக்கு முதலாவதுதான் உயிர். பல மெயில்களில் இரண்டாவது மட்டும் இருக்கும். சனிக்கிழமை என்று மட்டும் படிப்பவர், வியாழன் ராத்திரி லைன் நிற்கப் போகிறது என்றே புரிந்துகொள்வார்.

இனி மெயில். ஆங்கிலத்தில் அனுப்புபவர்களும் இதே வரிசையை வைத்துக்கொள்ளலாம்.

பொருள்: 20 மி.மீ. புஷ், இன்வாய்ஸ் 118 – துளை அளவு குறைவு, தவறு எங்களுடையது

வணக்கம் சார்,

இன்வாய்ஸ் 118-இல் அனுப்பிய 2,400 புஷ்களில் ஒரு பகுதியின் துளை 20.000-க்குக் கீழே இருக்கிறது. எங்கள் கோ கேஜ் தேய்ந்திருந்ததைக் கவனிக்காமல் இவற்றைப் பாஸ் செய்து அனுப்பிவிட்டோம். தவறு எங்களுடையது. உங்கள் லைன் நின்றதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உங்களிடம் மீதியுள்ள 1,850-ஐ லைனுக்கு விட வேண்டாம். இந்த லாட்டில் மாட்டிய 550-ம், இன்வாய்ஸ் 104-இல் வந்த 2,400-ம் இதே கேஜில் பார்த்தவை. அவற்றில் பின் கையால் ஏறித் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய லாட்டுகளின் பதிவுகளைச் சரிபார்த்து, நாளை மாலை 5 மணிக்குள் சொல்கிறேன்.

இன்று இரவு 8 மணிக்கு, புது கேஜில் பார்த்த 400 நல்ல புஷ் உங்கள் கேட்டில் இருக்கும். அதே வண்டியில் வரும் எங்கள் ஆட்கள் இருவர், உங்கள் 1,850-ஐயும் இரவு 12 மணிக்குள் தரம் பிரித்துக் கொடுப்பார்கள். கெட்டவை சுமார் 370 இருக்கும் என்று நினைக்கிறோம். அவற்றை ஹோனிங் செய்து, சனி மதியம் 2 மணிக்குள் திருப்பிக் கொடுக்கிறோம். தரம் பிரிப்பது, ஹோனிங், வண்டிச் செலவு மூன்றும் எங்களுடையது.

கேஜ் தேய்ந்தது ஏன் முன்பே பிடிபடவில்லை என்பதற்கான அறிக்கை திங்கள் மாலை 5 மணிக்குள் வரும். இருவருக்கும் கேட் பாஸும், ஸ்டோரில் ஒரு மேஜையும் ஏற்பாடு செய்து தாருங்கள். இரவு 8 மணிக்கு நானே போனில் கூப்பிடுகிறேன்.

அவ்வளவுதான். போனில் ஒரே திரையில் அடங்காது என்றாலும், ஒரு நிமிடத்தில் படித்துவிடலாம்.

"அனுப்பிவிட்டோம்" என்ற வினைமுற்று இதில் முக்கியம். "தவறு நேர்ந்துவிட்டது", "குறை ஏற்பட்டிருப்பதாகத் தெரிகிறது" என்று எழுதினால், தப்பு யாரோ செய்தது போலவும் நாம் செய்தி சொல்ல வந்தவர் போலவும் ஆகிவிடும். அதேபோல் "புது ஆப்பரேட்டர் கவனிக்கவில்லை" என்று ஆளைக் காட்டவும் கூடாது. கேஜ் காலிபிரேஷன் தேதி தாண்டியும் மெஷின் பக்கத்தில் கிடந்தது நிர்வாகத்தின் தப்பு. ஆப்பரேட்டரைக் காட்டும் மெயிலைப் பார்த்ததும், அந்த ஆள் போன பிறகும் இதே தப்பு நடக்கும் என்று அனுபவமுள்ள என்ஜினியர் கண்டுகொள்வார்.

காரணத்தைப் பற்றி முதல் மெயிலில் தெரிந்தது மட்டும் இருக்கிறது, மீதி திங்கட்கிழமைக்குப் போயிருக்கிறது. இதற்கு வாகனத் தொழிலில் ஒரு வரலாறே உண்டு. மறைமலை நகரில் ஆலை நடத்திய ஃபோர்டு நிறுவனம், சிக்கல்களைக் குழுவாகத் தீர்க்கும் ஒரு முறையை 1987-இல் அமெரிக்காவில் கையேடாக வெளியிட்டது. 'எய்ட் டி' என்று இன்று சப்ளையர்கள் எல்லோரும் நிரப்பிக் கொடுக்கும் படிவம் அதிலிருந்து வந்தது. அதன் மூன்றாவது படி, கெட்ட பீஸ் மேலும் பரவாமல் தடுப்பது. மூலக் காரணம் தேடுவது அதற்குப் பிறகு, நான்காவது படி. அவசரத்தில் காரணத்தை ஊகித்து முதல் மெயிலிலேயே எழுதிவிட்டால், திங்களன்று வேறு காரணம் தெரியவரும்போது நம் பேச்சை நாமே திருத்த வேண்டிவரும்.

"சில பீஸ்தான்", "மிகச் சிறிய வித்தியாசம்தான்" என்று குறைத்துச் சொல்வதும் இதே வகைத் தீங்கு. 1994-இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்கில் பிழை இருப்பது வெளியே தெரிந்தது. சாதாரணமாகப் பயன்படுத்துபவருக்கு இருபத்தேழாயிரம் ஆண்டுகளில் ஒருமுறைதான் இது தட்டுப்படும் என்று முதலில் அந்த நிறுவனம் வாதாடியது. கணக்குச் சரியா தவறா என்பதைப் பற்றி வாங்கியவர்கள் கவலைப்படவில்லை, தங்கள் பாதிப்பை விற்றவர் அளந்து சொல்கிறாரே என்றுதான் கொதித்தார்கள். டிசம்பரில் ஐபிஎம் அந்தச் சிப் வைத்த கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20-ஆம் தேதி இன்டெல் மன்னிப்புக் கேட்டு, கேட்பவர் எல்லோருக்கும் மாற்றித் தருவதாக அறிவித்தது. இதற்காக அது கணக்கில் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். நம் புஷ்ஷில் குறைவது ஐந்து மைக்ரான்தான். ஆனால் லைன் நின்றதா இல்லையா என்பதே வாடிக்கையாளரின் அளவுகோல்.

பணத்தைப் பற்றி எழுதும்போது மட்டும் நிதானம் வேண்டும். நம் மெயிலில் மூன்று செலவை மட்டும் ஏற்றிருக்கிறோம், மூன்றும் நம் கையில் உள்ளவை. "உங்களுக்கு ஏற்பட்ட எல்லா நஷ்டத்தையும் ஏற்கிறோம்" என்ற வரி உணர்ச்சிவசத்தில் வந்துவிடும். எழுத்தில் ஒப்புக்கொண்டது பின்னால் வழக்கென்று வந்தால் சான்றாக நிற்கும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவில், ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளைந்த நஷ்டத்துக்கும், ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்பும் அறிந்திருந்த நஷ்டத்துக்கும்தான் ஈடு கேட்கலாம் என்கிறது. தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு இல்லை என்றும் சொல்கிறது. சட்டமே கேட்காததை நாம் ஒரு வரியில் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. லைன் நின்றதற்கு டெபிட் நோட் வந்தால் அதை பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள ஷரத்தை வைத்துத் தனியாகப் பேசலாம். அதற்காகத் தப்பை ஒப்புக்கொள்ளும் வரியை மழுப்ப வேண்டியதும் இல்லை. துளை அளவு குறைந்தது என்பது அவர்கள் கேஜிலும் தெரிகிறது, மறைப்பதில் லாபம் எதுவும் கிடையாது.

தப்பு யாருடையது என்று உண்மையிலேயே தெரியாத சந்தர்ப்பமும் வரும். டிராயிங்கின் எந்த ரிவிஷனுக்குச் செய்தோம் என்பதில் குழப்பம் இருக்கலாம். அப்போது ஒப்புக்கொள்ளும் வரியை விட்டுவிட்டு, பீஸ்களை நிறுத்தி வைப்பது, நல்ல பீஸ் கொடுப்பது, எப்போது தெளிவாகச் சொல்வோம் என்பது ஆகிய மூன்றையும் அப்படியே எழுதலாம். லைனை ஓட வைக்கும் வேலை தப்பு யாருடையதாக இருந்தாலும் காத்திருக்க முடியாது.

கடைசியாக, பலரும் விட்டுவிடும் முடிப்பு மெயில். சிறு, குறு நிறுவனங்களுக்கு இதில் பணமே அடங்கியிருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, வாங்குபவர் பணம் தர ஒப்பந்தத்தில் எவ்வளவு தவணை போட்டாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி சேரும். ஏற்ற நாள் என்பது வழக்கமாகச் சரக்கு போய்ச் சேர்ந்த நாள். ஆனால் 15 நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், அந்த ஆட்சேபத்தை நாம் நீக்கிய நாள்தான் ஏற்ற நாள். நம் கதையில் செவ்வாய்க்கிழமை தொடங்கிய கணக்கு, வியாழன் புகாரால் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போகிறது. அந்தச் சனிக்கிழமையை எழுத்தில் நிலைநாட்டவில்லை என்றால், ஆட்சேபம் இன்னும் தீரவில்லை என்று அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் பிரிவு சொல்வதற்கு இடம் இருக்கும்.

ஆகவே சனி மாலையே இரண்டு வரி அனுப்பிவிடுங்கள்: "இன்வாய்ஸ் 118-இல் திரும்ப வந்த 372 புஷ்ஷையும் ஹோனிங் செய்து, இன்று மதியம் 1.40-க்கு உங்கள் ஸ்டோரில் ஒப்படைத்தோம், ரிட்டர்ன் சலான் நகல் இணைத்திருக்கிறேன். இத்துடன் இந்தப் புகார் முடிந்ததாக ஒரு பதில் அனுப்பித் தாருங்கள் சார்." அந்தப் பதில் வந்ததும், அதை இன்வாய்ஸோடு சேர்த்து ஃபைலில் வையுங்கள். 45 நாள் கணக்கு, ஒப்படைத்த அந்தச் சனிக்கிழமையிலிருந்துதான் ஓடும்.